128 ஜிபி மெமரி காட்: அச்சைப் பார்த்தே கள்ளச் சாமானைப் பிடிக்க ஏலுமா?

தர்ஷி (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். ஒஃபிஸில மூண்டு வைஃபை கமரா பூட்டப் போகினம். அதுக்கு 128 ஜிபி மைக்ரோ எஸ்டி காட் மூண்டு என்னை வாங்கச் சொன்னவை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில ஒரு கடையில ஒண்டுதான் இருந்தது, அதை எடுத்தன். மற்ற ரெண்டையும் புறக்கோட்டையில முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் வாங்கினன். மூண்டும் சான்டிஸ்க் அல்ட்ரா, சிவப்பும் சாம்பலும் கலந்த அந்தக் காட். புறக்கோட்டையில விலை நல்லாக் குறைவு.

மேசையில பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்த்தா, யுனிட்டி பிளாசாக் காட்டின்ர எழுத்து கொஞ்சம் மெல்லிசு. சிவப்பும் ஒரு சாயல் கடும். புறக்கோட்டைக் காட் ரெண்டும் ஒண்டை ஒண்டு அச்சொட்டா உரிச்சு வச்ச மாதிரி. அப்ப தனிய நிக்கிறதுதானே கள்ளம்? திங்கக்கிழமை கமரா பூட்ட ஆள் வரும், அதுக்குள்ள திருப்பிக் குடுக்கிறதெண்டா குடுக்க வேணும். சும்மா பார்வையில பிடிக்க ஏதும் வழி இருக்கோ?

கொட்டாஞ்சேனை குமார்

மூணுல ரெண்டு ஒத்துப்போனா மூணாவதுதான் டூப்ளிகேட். இதுல யோசிக்க என்ன இருக்கு? பெரிய கடைன்னு நம்பி காசைக் கூடக் குடுத்துட்டீங்க.

இன்னொண்ணு, ஓரத்தை நகத்தால தடவிப் பாருங்க. ஒரிஜினல்னா வழுவழுன்னு இருக்கும். டூப்ளிகேட்ல மேல்மூடி, கீழ்மூடி ரெண்டையும் ஒட்டின கோடு தட்டுப்படும். என்னோட 64 ஜிபி காட்டைத் தடவினா கண்ணாடி மாதிரி இருக்கு. மூணு மாசமா போன்ல போட்டிருக்கேன், ஒரு பிரச்சினையும் இல்ல.

சோல்டர்புகை

தங்கச்சி, குமார் சொல்லுறதைக் கேட்டுக் காட்டைத் திருப்பிக் குடுத்திடாதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ.

முதல்ல அந்த ஒட்டுக் கோட்டுக் கதை. பெரிய எஸ்டி காட்டுக்கும் பென் ட்ரைவுக்கும் அது பொருந்தும். மைக்ரோ எஸ்டிக்கு மேல்மூடி கீழ்மூடி எண்டு ஒண்டும் கிடையாது. மெல்லிய சர்க்கிட் பலகையில சிப்பை ஒட்டி, மேல கறுப்புப் பிசினை ஊத்தி இறுக்கி, பெரிய தகடா வாற அதைத்தான் காட் காட்டா அறுத்து எடுக்கிறது. அதால ஒரிஜினலிலயும் ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாத்தான் இருக்கும். பக்கவாட்டில பார்த்தா பலகை ஒரு நிறம், பிசின் ஒரு நிறம் எண்டு ரெண்டு படை தெரியும். அது ஒட்டு இல்லை. இதை வச்சு ஒரிஜினலைக் கொண்டுபோய்க் கடைக்காரரோட சண்டை பிடிச்ச ஆக்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது, எழுத்து மெல்லிசு, சிவப்புக் கடும். இதை வச்சும் தீர்ப்புச் சொல்ல ஏலாது. ஒரே மொடல் காட்டே ஒவ்வொரு தொகுதியிலயும் மையும் எழுத்தின்ர தடிப்பும் கொஞ்சம் மாறும்.

நீங்கள் காட்டைப் பிரட்டிப் பின்பக்கம் பாருங்கோ. தங்கநிற முனைகளுக்குக் கீழ கறுப்பு இடத்தில சின்னனா நம்பரும் எழுத்தும் கலந்து ஒரு கோட் இருக்கும். மூண்டு காட்டின்ரயும் கோட்டை அப்படியே எழுதி வச்சு ஒப்பிட்டுப் பாருங்கோ. போன் டோர்ச்சைச் சரிச்சுப் பிடிச்சு, அந்தக் கோட் என்ன நிறத்தில, எப்பிடித் தெரியுது எண்டும் சொல்லுங்கோ.

மலைநாட்டான்

அண்ணே, நானும் ஒரு விஷயம் கேக்கணும். ஹட்டன்ல இருந்து வந்து இங்க வேலை செய்றேங்க. போன மாசம் 128 ஜிபி காட் ஒண்ணு வாங்கினேன். லெப்டொப்ல போட்டா 119 ஜிபின்னுதான் காட்டுது. 9 ஜிபியைக் களவாண்டுட்டாங்க. அப்ப இதுவும் போலிதானே?

சோல்டர்புகை

இல்லைத் தம்பி, அது சரியான கணக்கு. காட் செய்யிறவை ஆயிரம் ஆயிரமா எண்ணுவினம், விண்டோஸ் 1024 ஆல பிரிக்கும். 128 ஜிபி அங்க 119 எண்டுதான் வரும். கள்ளக் காட்டும் இதே 119 ஐத்தான் காட்டும், ஏனெண்டா உள்ளுக்க மெமரியைக் குறைவா வச்சுக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்லத்தான் அதின்ர கொன்ட்ரோலரை மாத்தி வச்சிருக்கிறாங்கள். அதால 119 ஐப் பார்த்து நல்லதெண்டும் சொல்ல ஏலாது, கெட்டதெண்டும் சொல்ல ஏலாது.

தர்ஷி (வெள்ளவத்தை)

அண்ணை, பார்த்தன். புறக்கோட்டைக் காட் ரெண்டிலயும் பின்பக்கக் கோட் ஒண்டேதான்! கடைசி எழுத்து வரைக்கும் ஒண்டு. வெள்ளை நிறத்தில நல்ல பளிச்செண்டு இருக்கு, முன்பக்கத்துப் பெயர் இருக்கிற அதே வெள்ளை.

யுனிட்டி பிளாசாக் காட்டில கோட் இருக்கெண்டே முதல்ல தெரியேல்லை. டோர்ச்சைச் சரிச்சப்பிறகுதான் மங்கலாச் சாம்பல் நிறத்தில தெரிஞ்சுது. எழுத்தும் புள்ளி புள்ளியா, வடிவில்லாமல் இருக்கு. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கள்ளம் மாதிரி இருக்கு.

சோல்டர்புகை

தங்கச்சி, வடிவில்லாத அதுதான் பெரும்பாலும் நல்லது. காரணத்தைச் சொல்லுறன்.

முன்பக்கத்துப் பெயர், கொள்ளளவு, லோகோ எல்லாம் எல்லாக் காட்டுக்கும் பொது. அதால ஒரு அச்சு செய்து ஆயிரக்கணக்கில குத்திக்கொண்டு போகலாம். பின்பக்கக் கோட் அப்பிடி இல்லை, அது காட்டுக்குக் காட், குறைஞ்சது தொகுதிக்குத் தொகுதி மாறவேணும். மாறுற ஒண்டை நிலையான அச்சால அடிக்க ஏலாது. அதைத் தனிய வேறொரு மெசினில, பெரும்பாலும் லேசரால, கடைசியில பொறிக்கிறது. லேசர் அந்தக் கறுப்பு மேற்பரப்பைக் கொஞ்சம் சுட்டு நிறத்தை மாத்தும், மை எண்டு ஒண்டும் அதில இல்லை. அதால நேரே பார்த்தா மங்கல், வெளிச்சத்தைச் சரிச்சாத்தான் எழும்பும். கிட்டப் பார்த்தா புள்ளி புள்ளியாத் தெரியிறதும் அதாலதான். பெயர் அச்சோட ஒப்பிட்டா கோட் அரை மயிரிழை சரிஞ்சோ தள்ளியோ இருந்தாலும் பயப்பிடத் தேவையில்லை, ரெண்டு தடவை ரெண்டு மெசினில போனது அப்பிடித்தான் இருக்கும்.

கள்ளக் காட் அடிக்கிறவனுக்கு இந்த ரெண்டாவது வேலை செலவு. அவன் ஒரு ஒரிஜினலின்ர பின்பக்கத்தைப் படம் எடுத்து, கோட்டையும் சேர்த்து ஒரே அச்சாச் செய்து, ஒரே மையில குத்தி விடுவான். அப்ப கோட் பளிச்செண்டு வடிவா வரும், ஆனா ஒவ்வொரு காட்டிலயும் அதே கோட். கூர்ந்து பார்த்தா மை மேற்பரப்புக்கு மேல மெல்லிசாப் படிஞ்சு நிக்கிறதும் தெரியும்.

இது நான் கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. 2010 இல பன்னி ஹுவாங் எண்ட ஹார்ட்வெயர் எஞ்சினியர், தங்கட உற்பத்திக்கு வந்த பெரிய பிராண்ட் பெயர் போட்ட காட்டுகள் பழுதாப் போக, பிரிச்சு ஆராய்ஞ்சு எழுதினவர். அவருக்கும் முதல் சந்தேகம் வந்தது இதில இருந்துதான்: தொகுதிக் கோட் லோகோவோட ஒரே அச்சில அடிச்சிருந்தது.

கொட்டாஞ்சேனை குமார்

அப்ப கோட் மட்டும்தான் கணக்கா? எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதுன்னா, யூடியூப்ல எல்லாரும் எழுத்தைத்தானே காட்டுறாங்க?

சோல்டர்புகை

எழுத்தைப் பார்க்கலாம் குமார், ஆனா பெரிய எழுத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. பிராண்ட் பெயரை எவனும் வடிவா அடிப்பான். சின்னச் சின்னக் குறிகளைப் பாருங்கோ. சி எழுத்துக்குள்ள 10 எண்டு ஒரு குறி இருக்குமெல்லே, அந்த சி வலப்பக்கம் திறந்திருக்க வேணும். மை வழிஞ்ச அச்சில அது மூடி வட்டமாப் போயிருக்கும். யு எழுத்துக்குள்ள நிக்கிற 1 சுவரோட ஒட்டியிருக்கும். ஏ1 எண்டதில ஏயின்ர வயித்து ஓட்டை அடைபட்டிருக்கும். செட்டியார் தெருவில நகைக்கடைக்காரர் வச்சிருக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒண்டு போதும். இல்லாட்டி போன் கமராவை ரெண்டு மடங்கு சூம் பண்ணி, கொஞ்சம் தள்ளி நிண்டு படம் எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்கோ.

அதைவிட, எழுத்து எவ்வளவு வடிவா இருந்தாலும் அது என்ன சொல்லுது எண்டு வாசியுங்கோ. மைக்ரோ எஸ்டி லோகோவுக்குக் கீழ எச்.சி. எண்டு இருந்தா அந்தக் காட் 32 ஜிபிக்கு மேல போக ஏலாது. 32 ஐத் தாண்டி 2 டிபி வரைக்கும் எக்ஸ்.சி. எண்டுதான் இருக்க வேணும். இது எஸ்டி சங்கத்தின்ர விதி, எந்தக் கொம்பனிக்கும் விலக்கில்லை. அதே மாதிரி வி30 எண்டா செக்கனுக்குக் குறைஞ்சது 30 எம்பி எழுதும் எண்ட உறுதி. யு எழுத்துக்குள்ள 3 எண்டாலும் அதே 30 தான், உள்ளுக்க 1 எண்டா 10. அப்ப ஒரே காட்டில வி30 உம் யுவுக்குள்ள 1 உம் சேர்ந்து நிண்டா, அடிச்சவனுக்கு அர்த்தம் தெரியாமல் குறிகளைப் பொறுக்கி அடிச்சிருக்கிறான் எண்டு நான் நினைப்பன்.

குமார், உங்கட 64 ஜிபி காட்டில லோகோவுக்குக் கீழ என்ன இருக்கு?

கொட்டாஞ்சேனை குமார்

எச்.சி.ன்னு போட்டிருக்கு. ஆனா நல்லா வேலை செய்யுதே!

சோல்டர்புகை

மூண்டு மாசத்தில எவ்வளவு நிரம்பியிருக்கு?

புறக்கோட்டை நானா

குமாரைக் கலாய்ச்சது போதும். நான் ரெண்டு வார்த்தை சொல்றேன். பெட்டாவுல நாங்களும்தான் கடை வச்சீக்கோம், எல்லாரையும் ஒரே கூடையில போட வேணாம். மொத்தமா எடுக்கிற நேரம் சப்ளையர் ஒரே பெட்டிக்குள்ள நல்லதையும் கொப்பியையும் கலந்து தள்ளுறது நடக்குது. கடைக்காரருக்கே தெரியாம வித்த கதையும் ஈக்கு. தெரிஞ்சு வித்தவரும் ஈக்கார், மறைக்கல்ல.

தங்கச்சி, உங்களுக்கு வித்த கடையில வொரண்டி ஸ்டிக்கர் எங்க ஒட்டினாங்க? இங்க நிறையக் கடையில மாசத்தையும் வருஷத்தையும் மார்க்கரால எழுதின குட்டி ஸ்டிக்கரைக் காட்டுக்கு மேலேயே ஒட்டிடுவாங்க. சரியா அந்தக் கோட்டுக்கு மேலதான் அது குந்தும். பொறகு கோட்டைப் பார்க்கணும்னு ஸ்டிக்கரை உரிச்சா, வொரண்டி போச்சுன்னு சொல்லுவாங்க. அதால ஸ்டிக்கர் ஒட்ட முன்னாடியே வாங்கிப் பின்பக்கத்தைப் படம் எடுத்துடுங்க. ஸ்டிக்கரை முன்பக்கமா, இல்லாட்டி பக்கெட்டுல ஒட்டச் சொல்லுங்க. நல்ல கடைக்காரர் இதுக்குக் கோவிக்க மாட்டார்.

பக்கெட்டை மட்டும் பார்த்து நம்பவும் வேணாம். அட்டை அடிக்கிறது காட் அடிக்கிறதை விட லேசு.

தர்ஷி (வெள்ளவத்தை)

நன்றி நானா. என்ர நல்ல காலம், ஸ்டிக்கர் பக்கெட்டிலதான். பில்லும் இருக்கு. ஆனா "கோட் ஒண்டு" எண்டு மட்டும் சொன்னா கடைக்காரர் கேப்பாரோ எண்டு தெரியேல்லை. கண்ணால பார்த்ததை உறுதிப்படுத்த வேறென்ன செய்யலாம்? வீட்டில லினக்ஸ் போட்ட பழைய லப்டொப் ஒண்டு இருக்கு, காட் போடுற ஓட்டையும் அதிலேயே இருக்கு.

சோல்டர்புகை

அது வாய்ப்பாப் போச்சு. ஒவ்வொரு காட்டுக்குள்ளயும் சிஐடி எண்டு ஒரு பதிவு இருக்கு (நாலாம் மாடியை நினைச்சுப் பயப்பிடாதேங்கோ). செய்த கொம்பனியின்ர இலக்கம், தொடரிலக்கம், திகதி எல்லாம் அதில இருக்கும். லப்டொப்பின்ர ஓட்டையில நேரே போட்டு இதை அடியுங்கோ:

```
cat /sys/block/mmcblk0/device/manfid
cat /sys/block/mmcblk0/device/oemid
cat /sys/block/mmcblk0/device/serial
```

சான்டிஸ்க் எண்டா முதலாவது 0x000003, ரெண்டாவது 0x5344 எண்டு வரவேணும். யூஎஸ்பி ரீடரில போட்டா இது வராது, ரீடர் அந்தப் பதிவைக் காட்டாது. இதையும் கொப்பி அடிக்கிறவங்கள் இருக்கிறாங்கள், அதால சரியா வந்தா உடன மன்னிச்சு விடாதேங்கோ. பிழையா வந்தா மட்டும் நல்ல சாட்சி.

முழுச் சாட்சி வேணுமெண்டா காட்டை முழுக்க நிரப்பித் திரும்ப வாசிக்க வேணும். லினக்ஸில `f3write`, `f3read`. விண்டோஸில `h2testw`. 128 ஜிபி எழுதவே ரெண்டு மணித்தியாலம் மட்டில போகும், வாசிக்கிறதுக்கு இன்னும் கொஞ்சம். இரவு போட்டிட்டுப் படுங்கோ.

கமராக்காரன்

கலியாண வீட்டு வீடியோ எடுக்கிறனான். இழை மைக்ரோ எஸ்டி பற்றித்தான் போகுது, ஆனா என்ர பெரிய எஸ்டி காட்டைப் பற்றியும் கேக்க வேணும். முன்பக்கம் வி60 எண்டும் ரோமன் ரெண்டும் போட்டிருக்கு. எழுத்தெல்லாம் கத்தி மாதிரிக் கூர்மை. ஆனா 4கே எடுக்கேக்க கமரா நிண்டு நிண்டு போகுது. கமராவில பிழையோ?

சோல்டர்புகை

பின்பக்க முனைகள் எத்தனை வரிசை?

கமராக்காரன்

மேல ஒரு வரிசைதான்.

சோல்டர்புகை

அப்ப கமராவில பிழை பிடிக்காதேங்கோ. ரோமன் ரெண்டு எண்டா மேல் வரிசைக்குக் கீழ இன்னொரு வரிசைச் சின்ன முனைகள் கட்டாயம் வேணும். வி60 வேகம் அந்த ரெண்டாவது வரிசை இல்லாமல் வராது. எழுத்தை எப்பிடியும் கூர்மையாக்கலாம், செம்பு முனையை அச்சடிக்க ஏலாது.

பெரிய எஸ்டி எண்டபடியால் இங்க குமாரின்ர கோடு உதவும். அது ரெண்டு பாதி சேர்ந்ததுதான். ஒழுங்கான காட்டில அதிர்வால உருக்கி ஒட்டுவினம், கோடு சுத்திவர ஒரே அகலத்தில போகும், பசை வெளியில தெரியாது. உங்கடையில பூட்டுத் துண்டு இருக்கிற பக்கம் கோடு விரிஞ்சிருக்கோ, பசை பிதுங்கியிருக்கோ எண்டு பாருங்கோ. ஆனா பல வருஷம் கழட்டிப் பூட்டின ஒரிஜினலும் வாய் பிளக்கும், பழைய காட்டுக்கு இதை வச்சு முடிவெடுக்காதேங்கோ.

மலைநாட்டான்

பென் ட்ரைவுக்கும் இப்படித்தானாண்ணே? பஸ் ஸ்டாண்ட்ல 2 டிபின்னு ஒருத்தர் வித்துக்கிட்டு இருந்தாருங்க, மடக்குற இரும்பு மூடி போட்டது.

சோல்டர்புகை

அந்த விலைக்கு 2 டிபி எண்டா வாங்கிப் பார்க்கவே தேவையில்லைத் தம்பி. பிரிச்சுப் பார்த்தா உள்ளுக்க ஒரு சின்ன மைக்ரோ எஸ்டியைப் பலகையில பசையால ஒட்டியிருப்பாங்கள், கனக்க இப்பிடிப் பார்த்திட்டன்.

பென் ட்ரைவில நான் முதல்ல பார்க்கிறது வாய். 3.0 எண்டு அச்சடிச்சிருந்தா, உள்ளுக்க முன்னால நாலு முனையும் பின்னால தள்ளி அஞ்சு சின்ன முனையும் தெரிய வேணும். நாக்கு நீலமா இருக்கிறது ஒண்டுக்கும் உறுதியில்லை, நீலப் பிளாஸ்டிக் எவனும் போடலாம். நாலு முனை மட்டும் இருந்தா அது 2.0, மேல என்ன எழுதியிருந்தாலும்.

தர்ஷி (வெள்ளவத்தை)

அண்ணை, இரவு முழுக்க ஓடிச்சுது. யுனிட்டி பிளாசாக் காட்: 0x000003, 0x5344, தொடரிலக்கமும் நீளமா வந்தது, `f3read` முழுக்க சரி எண்டுது. புறக்கோட்டைக் காட் ஒண்டின்ர பக்கெட்டை மட்டும்தான் பிரிச்சன். அதில ரெண்டும் வெறும் பூச்சியம். எழுதி வாசிச்சதில 29 ஜிபி மட்டும் சரி, மிச்சம் 90 ஜிபியும் `Data LOST`.

மற்றதைப் பிரிக்கேல்லை. பிளாஸ்டிக்குக்கு வெளியாலயே பின்பக்கக் கோட் தெரியுது, படம் எடுத்து வச்சிருக்கிறன்.

புறக்கோட்டை நானா

பிரிக்காமலே வைங்க. பிரிச்சது, பிரிக்காதது, பில், ரெண்டு கோட்டும் ஒண்ணா வார படம், இந்த நாலையும் மேசையில வச்சுப் பேசுங்க. சத்தம் போட வேணாம், ஒரே நம்பர் ரெண்டு காட்டுல எப்படி வந்திச்சின்னு மட்டும் கேளுங்க. மாத்தித் தரல்லண்டா நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 க்கு எடுங்க. அந்த நம்பரைச் சொன்னாலே அநேகமா மாத்தித் தருவாங்க. ஆனா காட்டுக்குப் பதில் காட் வாங்க வேணாம், அதே பெட்டியில இருந்துதான் எடுத்துத் தருவாங்க. காசைக் கேளுங்க.

கமராக்காரன்

என்னட்ட இன்னொரு காட் இருக்கு. கோட் லோகோவோட ஒரே வெள்ளை மை, சின்ன எழுத்தெல்லாம் வழிஞ்சிருக்கு. ஆனா `h2testw` போட்டா முழுக் கொள்ளளவும் சரி. இது எந்தக் கணக்கு?

புறக்கோட்டை நானா

அது கழிவுச் சாமான் மகன். ஃபெக்டரி வேணாமெண்டு ஒதுக்கின சிப்புல பேரை அடிச்சு விட்டது.

சோல்டர்புகை

நானா சொல்லுறது நடக்கக்கூடியதுதான், ஆனா அடிச்சுச் சொல்ல நான் வரேல்லை. லேசருக்குப் பதில் மையால கோட் அடிக்கிற கொம்பனியும் இருக்கு. அப்பிடியெண்டாலும் நம்பர் காட்டுக்குக் காட், இல்லாட்டி தொகுதிக்குத் தொகுதி மாறும். அதே கடையில அதே மொடல் இன்னொண்டு இருந்தா கோட்டை ஒப்பிட்டுப் பாருங்கோ. ஒரு காட்டை மட்டும் கையில வச்சுக்கொண்டு இதுக்கு மேல கண்ணால சொல்ல ஏலாது. அதுவரைக்கும் தாலி கட்டுற நேரம் அந்தக் காட்டைக் கமராவில போடாதேங்கோ.

கமராக்காரன்

அந்தக் கடை இப்ப இல்லை, போன் கவர் விக்கிற கடையா மாறிட்டுது.